பில் குறைவாக இருந்தால் செலவு குறைவா? கட்டுமான சைட்டில் செலவு வேறுபாட்டு அட்டவணை

மாதக் கடைசியில் சைட் ஆபீசில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கான்கிரீட்டுக்கு பட்ஜெட் 42,000. இதுவரை வந்த பில் 20,580. பாதிகூடத் தாண்டவில்லை, நல்ல நிலையில்தான் இருக்கிறோம்." இரண்டு எண்களும் சரி, கழித்தலும் சரி. ஆனால் அந்த முடிவை அவற்றிலிருந்து எடுக்க முடியாது. இந்த எடுத்துக்காட்டில் அந்த சைட் உண்மையில் பட்ஜெட்டை மீறிச் செலவு செய்துகொண்டிருக்கிறது. பில் தொகையைப் பார்த்தால் அது தெரியாது.

திட்டமிட்ட செலவையும் உண்மையில் ஆன செலவையும் வரிசை வரிசையாக எதிரெதிரே வைக்கும் தாளுக்குத்தான் வேறுபாட்டு அட்டவணை என்று பெயர். கழித்தல் தெரிந்தால் போதும், யாரும் போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கழித்தல் எளிதுதான். எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரே ஒரு வரிசையை, அதாவது ரெடிமிக்ஸ் கான்கிரீட் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். தொகைகளை நாணயம் குறிப்பிடாமல் வெறும் எண்ணாக எழுதியிருக்கிறேன்.

## எதை எதோடு ஒப்பிடுவது

400 கிலோமீட்டர் பயணத்துக்கு 40 லிட்டர் பெட்ரோல் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறீர்கள். நடுவழியில் பார்த்தால் 22 லிட்டர் செலவாகியிருக்கிறது. இது அதிகமா, குறைவா? 40 லிட்டரோடு ஒப்பிட்டால் எந்தப் பதிலும் கிடைக்காது. எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். 200 கிலோமீட்டர் வந்திருந்தால் அந்தத் தூரத்துக்கு 20 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும். 2 லிட்டர் கூடுதல். 250 கிலோமீட்டர் வந்திருந்தால் 25 லிட்டர் ஆகியிருக்கலாம். 3 லிட்டர் மிச்சம். செலவு அதே 22 லிட்டர்தான், தீர்ப்பு மட்டும் தலைகீழாகிறது.

கட்டட வேலையிலும் இதேதான். முழு பட்ஜெட்டோடு இன்றுவரை ஆன செலவை ஒப்பிடக் கூடாது. "இந்தத் தேதிக்குள் இவ்வளவு செலவாகும்" என்று காலண்டரை வைத்துப் போட்ட தொகையோடும் ஒப்பிடக் கூடாது. வேலை பின்தங்கினாலே செலவு குறைந்துவிடும், அது மிச்சம்போலத் தோன்றும். ஒப்பிட வேண்டியது, இதுவரை உண்மையில் முடிந்த வேலைக்கு பட்ஜெட்டின்படி எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்ற தொகையோடுதான். அதை இந்தக் கட்டுரையில் நடந்த வேலைக்கான பட்ஜெட் என்று அழைப்போம். இதன் எதிரே வருவது உண்மைச் செலவு: அதே வேலைக்கு நிஜமாக ஆனது, பில் வந்தாலும் வராவிட்டாலும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது வேறுபாடு.

குறியையும் இப்போதே முடிவு செய்துவிடுவோம். கூட்டல் குறி வந்தால் பட்ஜெட்டைவிடக் குறைவாகச் செலவானது, கழித்தல் குறி வந்தால் கூடுதலாகச் செலவானது. சில அலுவலகங்களில் இதை மாற்றிப் போடுவார்கள். எதுவானாலும் அட்டவணையின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். குறியை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் படித்து, நஷ்டத்தை லாபமென்று மேலே அனுப்பிய தாள்கள் நிறைய உண்டு.

இதுவரை பார்த்தது: முழு பட்ஜெட்டும் காலண்டர் பட்ஜெட்டும் இந்த ஒப்பீட்டுக்கு உதவாது. முடிந்த வேலையின் அளவு தெரியாமல் செலவு அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது.

## நம் எடுத்துக்காட்டு

ஒரு கட்டடத்துக்கு மொத்தம் 400 கன மீட்டர் கான்கிரீட் தேவை என்று வரைபடத்திலிருந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் பம்ப் குழாயில் தங்கும். அதற்காக 5% சேதாரம் சேர்த்திருக்கிறார்கள். ரெடிமிக்ஸ் விலை கன மீட்டருக்கு 100. ஆக, கட்டடத்தில் நிற்கும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் பட்ஜெட் 105, மொத்தம் 42,000.

மாதக் கடைசியில் நிலவரம் இது. அடித்தளக் குழிகளில் தூண்களைத் தாங்கும் 30 ஃபுட்டிங், தரைத்தளம், கொஞ்சம் தூண்களும் பீம்களும் முடிந்துவிட்டன. வரைபட அளவின்படி இவை 240 கன மீட்டர். திட்டத்தின்படி இந்தத் தேதிக்குள் 300 கன மீட்டர் முடிந்திருக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு வந்துசேர்ந்த பில்கள் 20,580.

## உண்மைச் செலவு: பில் மட்டும் போதாது

வேலை நடந்த நாளுக்கும் பில் வரும் நாளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். சப்ளையர் மாதம் ஒருமுறையோ இருமுறையோதான் பில் போடுவார். கடைசி வாரம் ஊற்றிய கான்கிரீட் கட்டடத்தில் இருக்கும், கணக்கில் இருக்காது. அதனால் கணக்குப் பிரிவின் எண்ணை அப்படியே எடுத்து அட்டவணையில் போடக் கூடாது. சைட்டில் இருக்கும் டெலிவரி சீட்டுகளை எடுத்து, பில்லில் ஏறாதவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

நம் சைட்டில் மொத்தம் 45 லோடு வந்திருக்கிறது. லோடுக்கு 6 கன மீட்டர் வீதம் 270 கன மீட்டர். இதில் 35 லோடுக்குத்தான் பில் வந்திருக்கிறது. மீதி 10 லோடு, அதாவது 60 கன மீட்டர், ஒப்பந்த விலை 98 வீதம் 5,880. பேரம் பேசியதில் விலை பட்ஜெட்டைவிட 2 குறைவாகக் கிடைத்திருக்கிறது. ஆக உண்மைச் செலவு 20,580 + 5,880 = 26,460.

எதிர்ப் பக்கமும் உண்டு. கம்பி, சிமெண்ட் போன்றவற்றை மொத்தமாக வாங்கி அடுக்கியிருப்பீர்கள். பில் வந்திருக்கும், பொருள் இன்னும் வேலையில் போயிருக்காது. அந்தக் கையிருப்பின் மதிப்பைக் கழித்தால்தான் நடந்த வேலையின் செலவு கிடைக்கும். ரெடிமிக்ஸுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, வந்த அன்றே தீர்ந்துவிடும். சப்-கான்ட்ராக்டர் பில்லில் பிடித்து வைக்கும் தொகை செலவைக் குறைக்காது. அது பின்னால் கொடுக்கப்போகும் பணம்தான். முன்பணம் செலவே ஆகாது, வேலை நடந்த அளவுக்குத்தான் அது செலவாக மாறும்.

## முடிந்த வேலையை அளப்பது

அட்டவணை முழுவதும் நிற்பது இந்த ஒரு எண்ணின்மீது. இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, கண்ணால் பார்த்து "ஒரு 70% முடிந்திருக்கும்" என்று எழுதுவது. நம் கணக்கில் 60% என்பதற்குப் பதில் 70% என்று எழுதினால் நடந்த வேலைக்கான பட்ஜெட் 29,400 ஆகிவிடும். உடனே 2,940 மிச்சம் என்று அட்டவணை சொல்லும். அடுத்தடுத்த மாதங்களில் சதவீதம் 80, 85 என்று நகரும், செலவோ அதைவிட வேகமாக ஓடும். கடைசியில் வேலை "95%" முடிந்த நிலையில் பட்ஜெட் முழுவதும் தீர்ந்திருக்கும். கான்கிரீட்டுக்கு ஊற்றி முடித்த கன மீட்டர், சுவருக்குக் கட்டி முடித்த சதுர மீட்டர் என்று டேப் வைத்து அளக்கக்கூடிய அலகில்தான் எழுத வேண்டும். கதவு மாதிரி பல படிகளாக முடியும் வேலைக்கு, நிலை பொருத்தினால் 40%, கதவு மாட்டினால் இன்னொரு 40%, பூட்டும் சரிபார்ப்பும் முடிந்தால் கடைசி 20% என்று முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும்.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது, அதனால் இன்னும் மோசமானது. முடிந்த அளவை டெலிவரி சீட்டிலிருந்து எடுப்பது. 270 கன மீட்டர் வந்திருக்கிறது, ஆகவே 270 கன மீட்டர் வேலை முடிந்திருக்கிறது என்று எழுதினால், வீணான கான்கிரீட்டும் முடிந்த வேலையாகக் கணக்கில் ஏறிவிடும். சேதாரம் எவ்வளவு இருந்தாலும் அட்டவணையில் அது ஒருபோதும் தெரியாது. முடிந்த வேலை வரைபட அளவிலிருந்து வர வேண்டும், வந்த பொருள் சீட்டிலிருந்து வர வேண்டும். இரண்டும் தனித்தனி ஊற்றுகளாக இருந்தால்தான் நடுவில் உள்ள ஓட்டை தெரியும்.

அளவெடுப்பு, சீட்டுகள், கையிருப்பு எண்ணுவது எல்லாம் ஒரே தேதியின் மாலை நிலவரமாக இருக்க வேண்டும். 30-ஆம் தேதி அளந்த வேலைக்கு எதிரே 25-ஆம் தேதிவரை வந்த செலவை வைத்தால் ஐந்து நாள் வேலை இலவசமாக நடந்ததுபோல் தெரியும்.

## அட்டவணையில் போடுவோம்

| நெடுவரிசை | என்ன | கான்கிரீட் |
|---|---|---|
| B | முழு அளவு (கன மீட்டர்) | 400 |
| C | ஒரு அலகுக்கான பட்ஜெட் | 105 |
| D | முடிந்த அளவு | 240 |
| E | நடந்த வேலைக்கான பட்ஜெட் | 25,200 |
| F | வந்த பில்கள் | 20,580 |
| G | பில் வராத செலவு | 5,880 |
| H | கையிருப்பு | 0 |
| I | உண்மைச் செலவு | 26,460 |
| J | வேறுபாடு | −1,260 |
| K | வேறுபாடு % | −5.0 |

இங்கே படிக்க வசதியாக நிமிர்த்திப் போட்டிருக்கிறேன். ஷீட்டில் A-யில் வேலையின் பெயர் வரும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை வரும். கைகளால் நிரப்புவது B, C, D, F, G, H மட்டும். மற்ற நான்கும் சூத்திரம்:

```
E2: =C2*D2
I2: =F2+G2-H2
J2: =E2-I2
K2: =J2/E2*100
```

உரிமையாளர் நடுவில் வேலையைக் கூட்டினாலோ குறைத்தாலோ B-யில் உள்ள எண்ணை அழித்து மாற்றாதீர்கள். மாற்றத்துக்கு ஒரு தனி வரிசை சேருங்கள். பழைய எண்ணின்மேல் எழுதிவிட்டால், செலவு கூடியது மாற்றத்தாலா நம் கவனக்குறைவாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சுருக்கமாக: பட்ஜெட்டில் பாதிகூடத் தாண்டவில்லை என்று சொன்ன அதே வரிசை, சரியாக நிரப்பியபோது 5% மீறல் என்கிறது.

## விலையா, அளவா?

1,260 கூடுதல் என்று தெரிந்துவிட்டது. அது எதனால் என்று தெரியாமல் சைட்டில் எதையும் செய்ய முடியாது. ஒரு பொருளுக்குக் கூடுதலாகச் செலவாக இரண்டே வழிகள்தான்: அதிக விலை கொடுத்திருக்கலாம், அல்லது அதிக அளவு பயன்படுத்தியிருக்கலாம். வேறுபாட்டை இந்த இரண்டாகப் பிரிப்போம்.

விலை வேறுபாடு: பட்ஜெட் விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், வாங்கிய அளவால் பெருக்கியது. (100 − 98) × 270 = +540.

அளவு வேறுபாடு: ஆகியிருக்க வேண்டிய அளவுக்கும் ஆன அளவுக்கும் உள்ள வித்தியாசம், பட்ஜெட் விலையால் பெருக்கியது. 240 கன மீட்டர் வேலைக்கு 5% சேதாரத்தோடு 252 கன மீட்டர் வாங்கியிருக்கலாம், 270 வாங்கியிருக்கிறோம். (252 − 270) × 100 = −1,800.

இரண்டையும் கூட்டினால் −1,260, அட்டவணையோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு எண் தவறு.

நல்ல விலைக்கு வாங்கியதில் 540 மிச்சமானது. அந்த மிச்சம், உள்ளே நடந்த 1,800 நஷ்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிட்டது. இன்னும் குறைவான விலைக்கு வாங்கியிருந்தால் மொத்த வேறுபாடு பூஜ்யத்துக்கு அருகில் வந்திருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் பெரிய தொகை உள்ள வரிசைகளில், மொத்த வேறுபாடு சின்னதாக இருந்தாலும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆணி, கயிறு போன்ற சில்லறை வரிசைகளுக்கு இந்த உழைப்பு வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்ஜெட் விலையான 100-ல் பம்ப் வாடகை சேர்ந்திருந்து, 98-ல் சேராமல் இருந்தால் அந்த 540 வெறும் தோற்றம்தான். பம்ப் பில் வேறொரு வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும்.

## அந்த 18 கன மீட்டர் எங்கே போனது

252-க்கு மேல் போன 18 கன மீட்டரை இப்போது சைட்டில் தேட வேண்டும். இது ஷீட்டில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

முதலில் ஃபுட்டிங். வரைபடத்தில் 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 0.5 மீட்டர், ஒன்றுக்கு 2 கன மீட்டர். குழியின் பக்கச் சுவரையே ஷட்டராக, அதாவது கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கும் அச்சாக வைத்து ஊற்றியிருக்கிறார்கள், குழியோ ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது. 2.1 × 2.1 × 0.5 = 2.205. ஒரு ஃபுட்டிங்குக்கு 0.205 என்பது கண்ணில் படாது. 30 ஃபுட்டிங்குக்கு அது சுமார் 6 கன மீட்டர், அதாவது ஒரு முழு லோடு.

அடுத்தது தரைத்தளம். 800 சதுர மீட்டர், தடிமன் 150 மில்லிமீட்டர், அளவு 120 கன மீட்டர். கீழே நிரப்பிய மண்ணை மட்டம் பார்க்காமல் விட்டதால் சராசரியாக 10 மில்லிமீட்டர் பள்ளம். 800 × 0.01 = 8 கன மீட்டர். விரல் அகலத்துக்கும் குறைவான பள்ளம் ஒரு லோடுக்கு மேல் கான்கிரீட்டை விழுங்கியிருக்கிறது. கான்கிரீட் ஊற்றுமுன் நூல் கட்டி, நூலிலிருந்து மண்வரை பத்திருபது இடங்களில் அளந்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

மீதி 4 கன மீட்டர். ஷட்டர் பிதுங்கியிருக்கலாம், லோடின் கடைசிப் பங்கு எங்காவது கொட்டப்பட்டிருக்கலாம், வண்டியில் அளவு குறைவாகவும் வந்திருக்கலாம். கடைசிச் சந்தேகத்தைச் சோதிக்க எடை மேடையில் வண்டியை நிறைத்தும் காலியாகவும் எடை போடுங்கள். சாதாரணக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ; 6 கன மீட்டர் லோடு ஏறக்குறைய 14.4 டன் இருக்க வேண்டும். கலவைக்குக் கலவை அடர்த்தி மாறும் என்பதால் சப்ளையர் கொடுக்கும் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுவது சரி.

வெளியே சைட் பாதைக்கோ கிரேன் நிற்கும் மேடைக்கோ ஒரு லோடு போயிருந்து, அது இந்த வரிசையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அது சேதாரம் இல்லை, தவறான வரிசையில் எழுதப்பட்ட செலவு. சரியான வரிசைக்கு மாற்றினால் போதும்.

## அந்த "மிச்சம்" எப்படி வந்தது

காலண்டர் திட்டத்தின்படி 300 கன மீட்டருக்கு 31,500 செலவாகியிருக்க வேண்டும், வந்த பில் 20,580, ஆக 10,920 மிச்சம் என்று ஒருவர் சொல்லலாம். அந்த 10,920-ஐ இப்போது பிரித்துக் காட்ட முடியும்.

நடக்காத 60 கன மீட்டர் வேலையின் பட்ஜெட் 6,300. வேலை நடந்தும் பில் வராத தொகை 5,880. இரண்டும் சேர்ந்து 12,180. அதிலிருந்து உண்மையான மீறலான 1,260-ஐக் கழித்தால் சரியாக 10,920. ஆக அந்த மிச்சத்தின் ஒரு பாதி தாமதம், மறுபாதி இன்னும் வராத பில். சேமிப்பு என்று அதில் எதுவும் இல்லை. அட்டவணையை மேலே அனுப்பும்போது இந்த மூன்று வரியையும் கூடவே எழுதி அனுப்பினால், "பணம்தான் மிச்சம் இருக்கிறதே" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

## மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும்

இன்னும் 160 கன மீட்டர் பாக்கி. இதுவரை ஒவ்வொரு கன மீட்டர் வேலைக்கும் 1.125 கன மீட்டர் வாங்கியிருக்கிறோம். அதே போக்கு தொடர்ந்தால் 160 × 1.125 × 98 = 17,640 ஆகும்; மொத்தம் 44,100, பட்ஜெட்டைவிட 2,100 கூடுதல்.

ஆனால் காரணம் தெரிந்தபிறகு இந்த எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை. அகலக் குழியும் பள்ளமான மண்ணும் தரையோடு முடிந்துபோன விஷயங்கள். இனி வருபவை மேல்தளங்கள். நாலு பக்கமும் அடியும் ஷட்டர் இருக்கும். அங்கே 5% சேதாரத்துக்குள் நின்றால் 160 × 1.05 × 98 = 16,464; மொத்தம் 42,924, கூடுதல் 924 மட்டும். மாறாக, காரணம் வண்டிகளில் அளவு குறைவாக வருவதாக இருந்திருந்தால் அது மேல்தளத்துக்கும் தொடரும், 44,100-ஐத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த எண்ணை எழுதுகிறீர்களோ, அதன் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு நெடுவரிசை வைத்து காரணம், செய்யப்போவது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதுங்கள். "சேதாரம் அதிகம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "தரைத்தள மண் மட்டம் 10 மி.மீ. தாழ்வு, அடுத்த தரை ஊற்றுமுன் நூல் மட்டம் பார்த்து போர்மேன் கையெழுத்திட வேண்டும்" என்று எழுதலாம். அடுத்த மாதம் முதல் மேல்தளம் ஊற்றியதும் அந்தத் தளத்தின் அளவையும் அதற்கு வந்த லோடுகளையும் மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். விகிதம் 1.05-க்குப் பக்கத்தில் இருந்தால் 42,924 நிற்கும். 1.10-க்கு மேல் போனால், 4 கன மீட்டர் என்று ஒதுக்கி வைத்த அந்தக் கடைசிப் பங்கை மறுபடி தேடத் தொடங்க வேண்டும்.